இருப்பிடம் தெரியாத கணவனுக்கோ மனைவிக்கோ விவாகரத்து சம்மன் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அவர் இல்லாமல் விவாகரத்து வழக்குப் போட முடியுமா?

முடியும். ஆனால் பரஸ்பர சம்மத விவாகரத்து என்ற எளிய வழி இங்கே கிடையாது. அதற்கு இருவரும் சேர்ந்து மனு செய்ய வேண்டும். ஆகவே ஒருவர் மட்டும் மனுதாரராக நின்று, சட்டம் ஏற்கும் ஒரு காரணத்தைச் சொல்லி, அதை நிரூபித்துத்தான் தீர்ப்புப் பெற முடியும்.

கீழே சொல்வது தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் வழக்குகளைப் பற்றியது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் காரணங்களின் வாசகம் மாறலாம். சம்மன் சேர்க்கும் முறை அங்கும் பெரும்பாலும் இதுவே, ஏனென்றால் அந்த முறை 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து வருகிறது.

மனுவைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். மனுதாரர் மனைவியாக இருந்தால், 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தான் இப்போது வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். கணவருக்கு இந்தச் சலுகை பொதுவாக இல்லை. திருமணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவி இப்போது வசிக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும். மனைவி இந்தியாவுக்கு வெளியே இருந்தாலோ, ஏழு ஆண்டுகளாக அவர் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாவிட்டாலோ மட்டும் கணவர் தன் ஊரில் தொடரலாம்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

எல்லோருக்கும் அப்படி இல்லை. சட்டத்தின் 13-ஆவது பிரிவில் இரண்டு வெவ்வேறு காரணங்கள் உள்ளன. மக்கள் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதலாவது, கைவிட்டுச் செல்லுதல். தக்க காரணம் இன்றியும் உங்கள் சம்மதம் இன்றியும் அவர் உங்களை விட்டுப் போய், மனுச் செய்யும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருந்தால் இந்தக் காரணம் பொருந்தும். இதில் வெறும் பிரிவு போதாது. திரும்பி வந்து சேர்ந்து வாழும் எண்ணமே அவருக்கு இல்லை என்பதைச் சூழ்நிலைகளால் காட்ட வேண்டும். இரண்டாவது, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ, அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே செய்தி அறிந்திருக்கக்கூடியவர்கள் யாருக்கும் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாதிருத்தல்.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு கேள்வி தீர்மானிக்கிறது: அவர் போனாரா, காணாமல் போனாரா? சண்டையிட்டுத் துணிமணியை எடுத்துக்கொண்டு போனவர், போன பிறகு தன் தாயாரிடம் இரண்டு முறை பேசியவர், எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறார். அது கைவிடுதல், இரண்டு ஆண்டு போதும். காலையில் வேலைக்குக் கிளம்பி எந்தச் சச்சரவும் இல்லாமல் மறைந்துபோனவரைக் கைவிட்டார் என்று சொல்வது கடினம். அவருக்கு விபத்து நேர்ந்திருக்கலாம், மனநலம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய வழக்கில் காவல் நிலையத்தில் கொடுத்த ‘ஆளைக் காணவில்லை’ புகாரும், ஏழு ஆண்டுக் காத்திருப்பும்தான் அடிப்படை. காத்திருப்பு கொடுமையானது என்பதை அறிந்தே சொல்கிறேன்: பொருந்தாத காரணத்தில் மனுப் போட்டுத் தோற்பதைவிட அதுவே மேல்.

சம்மன் அனுப்பினோம், தபால் திரும்பி வந்துவிட்டது. அது போதாதா?

திரும்பி வந்த உறையின் மேல் தபால்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சம்மன் இரண்டு வழியாகப் போகும். சம்மன் கொண்டுபோவதற்கான கட்டணமான ‘பேட்டா’வைக் கட்டியதும் நீதிமன்ற ஊழியர், அதாவது ஆமீன், நேரில் கொண்டுபோவார். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலோ விரைவுத் தபாலிலோ இன்னொன்று போகும்.

எதிர்மனுதாரர் வாங்க மறுத்துவிட்டார் என்று உறையில் குறிப்பு இருந்தால், சம்மன் முறையாகச் சேர்ந்துவிட்டது என்றே நீதிமன்றம் அறிவிக்க முடியும். இதற்குப் பத்திரிகை விளம்பரம் எதுவும் தேவையில்லை. ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்பு அப்படிப்பட்டதல்ல. அன்று அந்த நேரத்தில் ஆள் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ‘இடம் பெயர்ந்துவிட்டார்’, ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்ற குறிப்புகள் வந்தால், புதிய முகவரியைத் தேடும் பொறுப்பு உங்கள் மேல் விழுகிறது.

ஆமீனின் அறிக்கையையும் கவனித்துப் படிக்க வேண்டும். எதிர்மனுதாரர் வீட்டில் இல்லாதபோது அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம் சம்மனைக் கொடுக்கலாம், வேலையாளிடம் கொடுக்கக் கூடாது. கொடுக்க யாரும் இல்லாதபோதும், வாங்க மறுக்கும்போதும் வீட்டின் வெளிக்கதவில் ஒட்டிவிட்டு, எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்றெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டும். சாட்சியின் பெயரே இல்லாத ஒற்றை வரி அறிக்கையை நம்பி வழக்கை மேலே கொண்டுபோனால், பல ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வரியே தீர்ப்பைக் கவிழ்க்கும் கருவியாகிவிடும்.

நேராகப் பேப்பரில் விளம்பரம் கொடுத்து முடித்துவிடலாமே? எதற்கு இவ்வளவு சுற்று?

விளம்பரம் கொடுக்க உத்தரவிடுவது நீதிமன்றம். மனுதாரர் தானாகக் கொடுக்கும் விளம்பரத்துக்கு மதிப்பில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5 விதி 20-இன்படி, எதிர்மனுதாரர் சம்மனைத் தவிர்ப்பதற்காக ஒளிந்து திரிகிறார் என்றோ, வேறு காரணத்தால் சாதாரண வழியில் சம்மன் சேர்க்க முடியாது என்றோ நீதிமன்றம் நம்புவதற்குக் காரணம் இருந்தால்தான், ஒட்டுதல், விளம்பரம் போன்ற மாற்று வழியில் சம்மன் சேர்க்கும் பதிலி சார்வுக்கு உத்தரவிட முடியும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவது நீங்கள் இடைக்கால மனுவுடன் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி திண்டுக்கல்லில் தாய் வீட்டில் இருக்கிறார். கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர்; இருவரும் அங்கே வாடகை வீட்டில் இருந்தார்கள். 2021 மார்ச்சில் அவர் வீட்டை விட்டுப் போனார். 2024 ஜூனில் மனைவி திண்டுக்கல்லில் மனுத் தாக்கல் செய்கிறார். திருப்பூர் முகவரிக்குப் போன தபால் ‘இடம் பெயர்ந்துவிட்டார்’ என்று திரும்புகிறது. ஆமீனும் அதையே எழுதுகிறார். இந்த இடத்தில் ‘எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை’ என்று இரண்டு வரியில் பிரமாணப் பத்திரம் எழுதி விளம்பரம் கேட்பதுதான் பலரும் செய்வது.

அவர் செய்ய வேண்டியது வேறு. திருப்பூர் வீட்டு உரிமையாளரிடம் எந்தத் தேதியில் விசாரித்தார், அவர் என்ன சொன்னார். கம்பெனியில் கேட்டபோது எந்த மாதம் வேலையை விட்டு நின்றதாகச் சொன்னார்கள். கணவரின் அண்ணன் ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார் என்றால் அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினாரா, அதற்குப் பதில் வந்ததா. கணவரின் கைபேசி எண் எப்போதிலிருந்து இயங்கவில்லை. இவை ஒவ்வொன்றையும் தேதியோடும் ஆளோடும் எழுதி, தபால் ரசீதுகளை இணைக்க வேண்டும். அண்ணன் வீட்டு முகவரி தெரிந்திருந்தால் அதையும் நீதிமன்றத்துக்குச் சொல்லி, அங்கேயும் ஒரு சம்மன் அனுப்பக் கேட்பது நல்லது.

இது வெறும் சடங்கு அல்ல. தேடியது உண்மை என்றால், பிறகு யார் வந்து கேட்டாலும் பதில் சொல்ல அந்தக் காகிதங்கள் இருக்கும். பதிலி சார்வில் வலுவான பகுதி விளம்பரம் அல்ல, விளம்பரத்துக்கு முன் நடந்த தேடல்தான்.

எந்தப் பத்திரிகையில் கொடுக்க வேண்டும்? நோட்டீஸை எங்கே ஒட்டுவார்கள்?

நீதிமன்றக் கட்டடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு நகலும், எதிர்மனுதாரர் கடைசியாகக் குடியிருந்ததாகவோ தொழில் செய்ததாகவோ அறியப்பட்ட வீட்டில் இன்னொரு நகலும் ஒட்டப்படும். நீதிமன்றம் தகுந்தது என்று கருதும் வேறு வழியையும் சொல்லலாம். பத்திரிகை விளம்பரத்துக்கு உத்தரவிட்டால், எதிர்மனுதாரர் கடைசியாக வசித்த அல்லது வேலை பார்த்த பகுதியில் புழங்கும் நாளிதழில் அது வர வேண்டும்.

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மேலே சொன்ன உதாரணத்தில் வழக்கு திண்டுக்கல்லில் நடக்கிறது. செலவு குறைவு, தெரிந்த முகவர் இருக்கிறார் என்று திண்டுக்கல்லுக்கு வரும் பதிப்பில் விளம்பரம் போட்டுவிடுகிறார்கள். கணவர் கடைசியாக இருந்தது திருப்பூர். அங்கே விற்பனையாகும் பதிப்பில் வந்தால்தான் விதி நிறைவேறும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுப்பதும் இதே வகைத் தவறு. விளம்பரத்தில் வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், ஆஜராக வேண்டிய தேதி ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அச்சான பிரதியைப் பார்த்துவிட்டு, முழு இதழையும் மெமோவுடன் தாக்கல் செய்யுங்கள். வெட்டிய துண்டை மட்டும் கொடுத்தால் எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்பது பின்னால் கேள்வியாகும்.

அவருடைய வாட்ஸ்அப் எண் மட்டும் இருக்கிறது. அதில் அனுப்பினால் செல்லுமா?

நீங்களாக அனுப்பிவிட்டு ‘சேர்த்துவிட்டேன்’ என்று சொல்ல முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு, மற்ற வழிகளோடு கூடுதலாக அனுப்பலாம். ஆனால் இந்தக் கேள்வியிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது: இயங்கும் எண் உங்களிடம் இருக்கும்போது ‘எங்கிருக்கிறார் என்று எந்தத் தகவலும் இல்லை’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதினால் அது பொய். எண் இருப்பதைச் சொல்லி, அவர் முகவரி தர மறுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். ஒளிந்து திரிகிறார் என்பதற்கு அதுவே சான்றாகும்.

அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். அதுவும் ‘காணவில்லை’ தானா?

நாடு தெரிந்து முகவரி தெரியாவிட்டால் அப்படி ஆகலாம். முகவரி தெரிந்திருந்தால் ஆகாது. அந்த முகவரிக்கே சம்மன் போக வேண்டும். வெளிநாட்டில் சம்மன் சேர்ப்பது பற்றிய ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடாக இருந்தால் மத்திய சட்ட அமைச்சகம் வழியாக அனுப்பலாம். மாதக்கணக்கில் தாமதமாகும்.

எதிர்த்தரப்பை ‘செட் எக்ஸ்பார்ட்டி’ செய்துவிட்டார்கள். இனி விவாகரத்து உறுதிதானே?

இல்லை. அன்று நடந்தது, எதிர்மனுதாரருக்காகக் காத்திராமல் வழக்கைத் தொடர்ந்து கேட்பது என்ற முடிவு மட்டுமே. சம்மன் முறையாகச் சேர்ந்தது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்த பிறகு, அழைத்தும் அவர் வராவிட்டால் கட்டளை 9 விதி 6 இதை அனுமதிக்கிறது. தீர்ப்பு வருவதற்குள் அவர் வந்துவிட்டால், தக்க காரணம் காட்டி விதி 7-இன்படி அந்த உத்தரவை நீக்கக் கேட்கலாம். காரணம் ஏற்கப்படாவிட்டாலும், அந்தக் கட்டத்திலிருந்து நடக்கும் விசாரணையில் அவர் பங்கெடுப்பதைத் தடுக்க முடியாது.

எதிர்ப்பவர் இல்லாவிட்டாலும் நிரூபிக்கும் சுமை குறைவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, வழக்கு எதிர்க்கப்பட்டாலும் எதிர்க்கப்படாவிட்டாலும் காரணம் நிலைநாட்டப்பட்டது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் தீர்ப்பு தரலாம் என்கிறது. மனுதாரர் தன் சொந்தத் தவறிலிருந்தே ஆதாயம் தேடவில்லை, இருவரும் கூட்டாகச் சேர்ந்து நாடகம் ஆடவில்லை என்பவற்றையும் நீதிபதி பார்க்க வேண்டும்.

ஆகவே திண்டுக்கல் உதாரணத்தில் மனைவி நிரூபணப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, சாட்சிக் கூண்டில் ஏறி, திருமணப் பதிவுச் சான்றோ அழைப்பிதழும் புகைப்படங்களுமோ, திருப்பூர் முகவரியைக் காட்டும் ஆவணமோ, காவல் நிலையப் புகாரின் ரசீதோ, உறவினருக்கு எழுதிய கடிதங்களோ ஒவ்வொன்றாகச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய வேண்டும். கணவர் போன நாளன்று வீட்டில் இருந்த தந்தையோ அண்ணனோ இரண்டாவது சாட்சியாக வந்தால் வழக்கு வலுப்பெறும். ‘2021 மார்ச்சில் போனார், வரவில்லை’ என்ற ஒரே வரியில் நிற்கும் சாட்சியத்தை நீதிபதி தள்ளுபடி செய்தால் அது சட்டப்படி சரியான முடிவே. ஏன் போனார், போகும்போது என்ன சொன்னார், பின்னர் அழைத்தபோது என்ன நடந்தது என்பவைதான் கைவிடும் எண்ணத்தைக் காட்டுபவை.

தீர்ப்பு வந்த பிறகு அவர் திரும்பி வந்து ரத்து செய்யக் கேட்க முடியுமா? எத்தனை நாளுக்குள்?

கேட்க முடியும். இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட இந்தப் பதிலைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

கட்டளை 9 விதி 13-இன்படி, சம்மன் தனக்கு முறையாகச் சேரவில்லை என்றோ, வர முடியாதபடி போதிய காரணம் இருந்தது என்றோ காட்டினால், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை அதே நீதிமன்றம் ரத்து செய்யும். இதற்குக் காலவரம்பு 30 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது என்பதை மிகச் சிலரே சொல்கிறார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்ட அட்டவணையில் 123-ஆவது இனம், சம்மன் முறையாகச் சேர்ந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்தும், சேராதிருந்தால் தீர்ப்பைப் பற்றி அவர் அறிந்த நாளிலிருந்தும் கணக்கிடச் சொல்கிறது. அதன் விளக்கவுரையோ, இந்தக் கணக்குக்கு மட்டும், விதி 20-இன் பதிலி சார்வு முறையான சார்வாகக் கருதப்படாது என்கிறது.

அதாவது, வழக்கை நடத்தித் தீர்ப்புச் சொல்வதற்குப் பத்திரிகை விளம்பரம் நேரில் கொடுத்ததற்குச் சமம். ரத்து மனுவின் நாட்களைக் கணக்கிடும்போது சமமல்ல. விளம்பரத்தின் மூலம் பெற்ற தீர்ப்பைப் பற்றி அவர் நான்கு ஆண்டு கழித்துத்தான் அறிந்தார் என்றால், அறிந்த நாளிலிருந்து 30 நாள் அவருக்கு உண்டு.

காலத்துக்குள் வந்துவிட்டதாலேயே அவர் வென்றுவிட மாட்டார் என்பதும் உண்மை. விசாரணைத் தேதி அவருக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், சார்வில் இருந்த சிறு முறைகேட்டை மட்டும் காட்டித் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. அங்கே உங்கள் தேடலின் காகிதங்கள் பேசும். அண்ணனுக்கு அனுப்பிய பதிவுத் தபாலும், அதை அவர் கையெழுத்திட்டு வாங்கிய அட்டையும் இருந்தால் ‘எனக்கு எதுவுமே தெரியாது’ என்ற வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது. தீர்ப்பு வந்ததும் அதன் நகலை அவருடைய கடைசி முகவரிக்கும் பெற்றோர் வீட்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதுகளைத் தீர்ப்போடு சேர்த்து வைக்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன். அவர் எப்போது அறிந்தார் என்ற கேள்வி ஒருநாள் வந்தால், அதற்கு விடை தேட அவை உதவும்.

எனக்குத் தெரியாமலே என் கணவர் எக்ஸ்பார்ட்டியில் விவாகரத்து வாங்கிவிட்டார். நான் அப்பா வீட்டில்தான் இருக்கிறேன், அது அவருக்கும் தெரியும். என்ன செய்வது?

அறிந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து நாட்கள் ஓடுகின்றன. முதல் வேலை, வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து, தீர்ப்பு, மனு, சம்மன் அறிக்கை, பதிலி சார்வுக்கான பிரமாணப் பத்திரம், விளம்பரம் வந்த நாளிதழ் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பிப்பது. வழக்கின் உண்மை அந்தப் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். நீங்கள் விட்டுவந்த பழைய வீட்டு முகவரியை மட்டும் கொடுத்து, அப்பா வீட்டு முகவரியை மறைத்திருந்தால், அது வெறும் முறைகேடு அல்ல. நீதிமன்றத்தை ஏமாற்றிய செயல். அவர் உங்களுக்கு அந்தக் காலத்தில் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, குழந்தையின் பள்ளி பற்றிப் பேசிய குறுஞ்செய்தி, அப்பா வீட்டு முகவரிக்கு அவரே அனுப்பிய கடிதம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ரத்து மனுவுடன் சேருங்கள்.

நாள் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். ரத்து மனுவுக்குப் பதிலாக மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. ஆனால் மேல்முறையீட்டில் ஒரு முடிவு வந்துவிட்டால், அதன் பிறகு விதி 13-இன்படி ரத்துக் கேட்க முடியாது. சம்மன் சேரவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால் ரத்து மனுவே பொருத்தமானது. தீர்ப்புப் பெற்ற கணவர் இடையில் இறந்துவிட்டாலும், மனைவி ரத்துக் கேட்கலாம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஏனென்றால் அவர் விதவையா விவாகரத்துப் பெற்றவரா என்பதில் சொத்துரிமையும் அடங்கியிருக்கிறது.

வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லை என்று நாளைக் கடத்த வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு கையில் இருக்கிறது. எப்போது மறுமணம் செய்துகொள்ளலாம்?

மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, மேல்முறையீடு எதுவும் தாக்கலாகாமல் இருந்தால் மறுமணம் செய்யலாம் என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. இந்து திருமணச் சட்டம் அந்தக் காலத்தை 90 நாள் என்று வைத்திருக்கிறது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் 30 நாள் என்று இருந்தாலும் 90 நாளை எண்ணிக் காத்திருப்பதே பாதுகாப்பு. காத்திருந்த பின், மேல்முறையீடோ ரத்து மனுவோ நிலுவையில் இல்லை என்பதை வழக்கறிஞர் மூலம் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலி சார்வில் வந்த தீர்ப்பு என்றால், 90 நாளுக்குப் பிறகும் ரத்து மனுவின் கதவு முழுதாக மூடுவதில்லை என்பதை மேலே பார்த்தோம். நீங்கள் மறுமணம் செய்துவிட்டீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, உண்மையிலேயே சம்மன் சேராத ஒருவரின் மனுவை நீதிமன்றம் தள்ளிவிடாது. அப்படி ரத்தானால் முதல் திருமணம் மீண்டும் உயிர்பெறுகிறது, இரண்டாவது திருமணம் வழக்கில் சிக்குகிறது. எனவே மணமகன் அல்லது மணமகள் வீட்டாரிடம் தீர்ப்பு நகலை மட்டும் காட்டாமல், சம்மன் எந்த வழியில் சேர்க்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களிடம் கேட்க உரிமையுள்ள செய்தி அது.